ஆடியும் கண்ணாடியும்

ஓசூரில் ஒரு ஜவுளிக் கடையின் ஷோகேஸ் பற்றி எழுதப் போகிறேன். இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். அவர்களில் சிலர் இதற்கு ஏன் இத்தனை பக்கம் என்று கேட்பார்கள் என்பதும் தெரியும். 'ஆடி' என்றால் பழந்தமிழில் கண்ணாடிதானே என்று சிலேடை செய்யக் காத்திருக்கிறவர்களையும் தெரியும். அந்தச் சிலேடையைத் தலைப்பிலேயே செலவழித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வரலாம்.

நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளையில், சரக்கின் பேரில் கடன் வாங்கியிருக்கிற கடைக்காரர்கள் மாதாமாதம் கையிருப்புப் பட்டியல் ஒன்று தர வேண்டும். அதைச் சரிபார்த்து, இந்த மாதம் இவர் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போடுவது என் மேஜைக்கு வருகிற வேலைகளில் ஒன்று. நான் சொல்லப்போகிற கடைக்காரரின் கணக்கை எண்களை மாற்றித் தருகிறேன். கடையில் 40 லட்ச ரூபாய்ச் சரக்கு. அதில் 9 லட்சம் பழைய சரக்கு, மாதக்கணக்கில் நகராதது. வங்கி அதைச் சரக்காகவே பார்ப்பதில்லை. மீதி 31. மொத்த வியாபாரிக்கு இன்னும் கொடுக்காத பாக்கி 7. அதையும் கழித்தால் 24. அதில் கால்பங்கு அவருடைய சொந்தப் பணமாக இருக்க வேண்டும். ஆக, எடுக்கக்கூடியது 18 லட்சம்.

"அந்த ஒம்பது லட்சம் கடையில இருக்கு சார், கணக்குல இல்லை. பேய் மாதிரி" என்றார் அவர். அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிற புடவை, காகிதத்தில் பூஜ்யம். அதைப் பாதி விலைக்குத் தள்ளினாலும் நாலரை லட்சம் கைக்கு வரும், மொத்த வியாபாரிக்கு முகம் கொடுக்கலாம். ஆடித் தள்ளுபடி என்பது இவ்வளவுதான். கல்யாணமில்லாத மாதத்தில் பேயைப் பணமாக மாற்றுவது.

ஆனால் ஓசூரில் கல்யாணமில்லாத மாதம் ஒன்றல்ல. வெளியூர் நண்பர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். இங்கே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் வரும். அத்திப்பள்ளி எல்லை பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடும். தெலுங்கு, கன்னட வீடுகளுக்கு ஆஷாட மாதம் சந்திரனை வைத்து. நம் ஆடி சூரியனை வைத்து. 2025இல் ஆஷாடம் ஜூன் 26 அன்று தொடங்கி ஜூலை 24 அமாவாசையோடு முடிந்தது. ஆடி ஜூலை 17 அன்று பிறந்து ஆகஸ்ட் 16 வரை இருந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தது எட்டே நாள். ஜூலை 25 விடிந்தால் பாதித் தெருவுக்குச் சிராவணம். நல்ல மாதம், விலை குறைத்துப் பேசக்கூடாத மாதம். ஆகஸ்ட் 8 வெள்ளிக்கிழமை வரலட்சுமி பூஜைக்குப் புதுப்பட்டு வேண்டும். மீதிப் பாதித் தெரு இன்னும் ஆடியில் தள்ளுபடி கேட்டு நிற்கும். நம் கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கல்லாவில் எல்லா பாஷையும் பேசுவார். வாசலுக்கு இரு பக்கமும் இரண்டு ஷோகேஸ் இருந்தன. இடப்பக்கம் ஆஷாடத்துக்கு, வலப்பக்கம் ஆடிக்கு என்று அவராகவே பிரித்துக்கொண்டார். வலப்பக்கத்துக்கு என்ன செய்யலாம் என்று, நான் ஏதோ எழுதுகிறவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, என்னிடம் வந்தார்.

நான் முதலில் சொன்னது, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஷோகேஸ் முழுக்கக் காலி. நடுவே ஒரு கம்பி. அதில் வெறும் ஹேங்கர் ஒன்று. 'எல்லாம் போய்விட்டது' என்று அர்த்தம். நம் கவிதைகளில் பாதி இந்த ஹேங்கர்தான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "காலியா இருந்தா விலை ஜாஸ்தின்னு நினைச்சுப்பாங்க சார்" என்றார். அது உண்மை. வியாபாரத்தில் காலி இடம் விலை உயர்வின் மொழி, குவியல் மலிவின் மொழி. நகைக் கடையில் ஒரே ஒரு ஆரம் தனியாகக் கிடக்கும். தள்ளுபடிக் கடையில் துணி கையை மீறி வழிய வேண்டும். நான் மௌனம் என்று நினைத்துச் சொன்ன சொல்லுக்குத் தெருவில் வேறு பொருள் இருந்தது.

ஒரு வாரம் தினமும் சாயங்காலம் அந்தக் கடைக்கு எதிரே நின்று பார்த்தேன். முதலில் தெரிந்தது, ஷோகேஸில் இருக்கிற எதுவும் பகலில் தெரிவதில்லை என்பது. தெரிவது எதிர்வரிசைச் சுவரும், கம்பிகளும், மேகமும், நானும்தான். ஜூலையில் ஓசூர் வானம் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். மூடிய வானம் ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி எங்கும் ஒரே சீராக ஒளிரும், கண்ணாடிக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, வங்கிக் கணக்கைவிட எளியது. சாதாரணக் கண்ணாடி தன்மேல் நேராக விழுகிற ஒளியில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். முன்முகத்தில் நாலு, பின்முகத்தில் நாலு. எட்டு என்பது அற்பம்போலத் தோன்றும். ஆனால் வெளியே ஒளி அவ்வளவு அதிகம். எதிர்ச்சுவரின்மேல் மூடிய வானத்திலிருந்து 6000 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடித்த சுவர் அதில் 60 சதவிகிதத்தைத் திருப்பினால் 3600. அதில் கண்ணாடி நமக்குக் காட்டுவது எட்டுச் சதவிகிதம், அதாவது 288. உள்ளே ஃபோகஸ் விளக்குகளின் கீழ் பொம்மைமேல் விழுவது 800 லக்ஸ். அரக்குப் பட்டு அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பும், 80. சுவரின் 288க்கு முன்னால் புடவையின் 80 தோற்றுப்போகிறது. அதே இடத்தில் வெளிர்மஞ்சளோ பால்வெள்ளையோ கட்டியிருந்தால் 480 வரும், ஜெயித்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பகல் ஷோகேஸுக்கு வெளிர்நிறம் எடுப்பார்கள். கண்ணாடியை மேலே முன்பக்கமாகச் சாய்த்து, வானத்துக்குப் பதில் நடைபாதையைப் பிரதிபலிக்கச் செய்வார்கள். லண்டனில் பிக்கடில்லி தெருவில் 1936இல் திறந்த சிம்ப்ஸன் கடையில் கண்ணாடியையே வளைத்துப் பதித்துப் பிரதிபலிப்பை ஒழித்தார்கள். நம்மவருக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. அவருடைய பழைய சரக்கில் பெரும்பகுதி அரக்கும் கருநீலமும்தான். மீந்துபோன கல்யாணப் புடவைகள்.

இரண்டாவதாகத் தெரிந்தது தற்செயல். கடைக்கு எதிரே டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. எதிர்ச்சுவர் மறைந்தது. கண்ணாடியில் சுவர் இருந்த இடத்தில் பஸ்ஸின் நிழல்பக்கம், இருட்டு. அந்த இருட்டுக்குள் சட்டென்று பொம்மை வந்து நின்றது, புடவை, சரிகை, கைவளையல் எல்லாவற்றோடும். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் நகர்ந்தது, பொம்மை போய்விட்டது. அரை மணி நேரத்தில் நாலு முறை வந்து நாலு முறை போயிற்று.

பிறகு சிப்காட் பக்கமிருந்து வேன்கள் வந்தன. ஷிஃப்ட் முடிந்து இறங்குகிற பெண்கள், கருநீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. ஆறேழு பேர் கண்ணாடி முன் நின்றார்கள். கடையைப் பார்ப்பதற்காக அல்ல, முகம் பார்ப்பதற்கு. ஒருத்தி கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியை அள்ளிச் செருகினாள். அவள் நகர்ந்ததும் அவள் நின்ற அதே இடத்தில் போய் நான் நின்றேன். அன்று நான் கறுப்புச் சட்டை. கண்ணாடியில் என் உருவத்தின் எல்லைக்குள், அதற்குள் மட்டும், உள்ளே இருக்கிற புடவை தெரிந்தது. எல்லைக்கு வெளியே தெரு. யோசித்தால் பஸ் செய்ததைத்தான் என் சட்டையும் செய்தது. கண்ணாடி முன் இருட்டாக எது நின்றாலும் அந்த அளவுக்குக் கண்ணாடி திறக்கிறது. கருநீலச் சீருடைக்காரி தன் உடம்பின் வடிவத்துக்குள்தான் புடவையைப் பார்க்கிறாள். ஆனால் அவள் முகம் வெளிச்சமானது. முகம் இருக்கிற இடத்தில் கண்ணாடி மூடிக்கொண்டு முகத்தையே காட்டும்.

பாரிஸில் 1925 வாக்கில் அத்ஜே என்ற புகைப்படக்காரர் கோப்ளான் தெருவில் ஒரு தையல்கடை ஷோகேஸைப் படமெடுத்தார். கோட்டுப் போட்ட பொம்மைகள் விலைச்சீட்டோடு புன்னகைக்கின்றன. அவற்றின்மேலேயே எதிர்ப்பக்கத்துக் கட்டிடமும் மரமும் படிந்திருக்கின்றன. பிரதிபலிப்பு விழாமல் எடுக்க எந்தத் தொழில்காரருக்கும் தெரியும். அவர் விழவிட்டு எடுத்தார். அந்தப் படத்தை நான் பலமுறை அச்சில் பார்த்து, கனவும் நனவும் என்றெல்லாம் எழுதியும் இருக்கிறேன். எது எதற்குள் தெரிகிறது, ஏன் அங்கே மட்டும் தெரிகிறது என்று ஒருமுறைகூட உற்றுப் பார்த்ததில்லை. பொம்மையின் கறுப்புக் கோட்டில் மரம் தெளிவாக விழும், வெள்ளைச் சட்டையில் விழாது. இதை எனக்குக் காட்ட ஒரு டவுன் பஸ் தேவைப்பட்டது.

ஆக என் இரண்டாவது யோசனை இது. பிரதிபலிப்பை ஒழிக்க வேண்டாம், அதைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். பொம்மைக்குத் தலை வேண்டாம். கண்ணாடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் பொம்மை உள்ளே நிற்கிறதோ அவ்வளவு தூரத்தில் ஒரு பெண் வெளியே நின்றால், அவளுடைய பிம்பம் சரியாகப் பொம்மை நிற்கிற இடத்தில் விழும், அதே அளவில். அவள் உடம்பின் இருட்டில் புடவை தெரியும், கழுத்துக்கு மேலே அவள் முகம் இருக்கும். இதில் புதிது எதுவும் இல்லை. 1862 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு லண்டனில் பெப்பர் என்பவர் மேடையில் ஆவி காட்டியது இதே உத்தியால்தான். பெரிய கண்ணாடி, ஒளிந்திருக்கிற ஆள், அவன்மேல் மட்டும் வெளிச்சம். நான் செய்ததெல்லாம் ஆவியின் இடத்தில் வாடிக்கையாளரை நிறுத்தியது.

கடைக்காரருக்குத் தலை விஷயம் பிடிக்கவில்லை. "அம்மன் மாசத்துல தலையில்லாம நிறுத்தலாமா சார்?" ரேணுகையின் வெட்டுண்ட தலையை எல்லம்மா என்று கும்பிடுகிற ஊர்களில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பதில் சொன்னது நான் அல்ல. இடப்பக்க ஷோகேஸை அலங்கரிக்கப் பெங்களூர் சிக்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். சீசனுக்குச் சீசன் எல்லை தாண்டி வந்து பொம்மைக்குத் துணி கட்டிவிட்டுப் போகிறவர். ஏணிமேல் இருந்தபடியே அவர் சொன்னார்: "தலை வெளியே இருந்து வருது, ஸ்வாமி."

இந்த மாதிரி வேலையை எழுத்தாளர்களும் செய்திருக்கிறார்கள். ஃப்ராங்க் பாம் என்ற அமெரிக்கர் 1897இல் ஷோகேஸ் அலங்காரத்துக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1900இல் ஜவுளிக் கடை ஷோகேஸ்கள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதே வருஷம் அவருடைய இன்னொரு புத்தகமும் வந்தது, 'ஓஸ் மந்திரவாதி'. நம் ஊரில் ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர் ஷோகேஸுக்குப் பத்திரிகை நடத்தினால் அவரை நாம் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட மாட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். நானே இதை எழுதத் தயங்கியதற்கும் வேறு காரணம் இல்லை.

பெரியவரிடம் என் யோசனையை விளக்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: உயரம்? நான் அதை யோசிக்கவே இல்லை. ஷோகேஸின் மேடை தெருவைவிட ஒன்றரை அடி உயரம். ஃபைபர் பொம்மைகள் வெள்ளைக்காரி உயரத்துக்கு வார்த்தவை, கழுத்தே ஐந்தடிக்குப் பக்கத்தில். மேடைமேல் ஏற்றினால் கழுத்து ஆறடிக்கு மேலே போய்விடும். எந்தப் பெண்ணின் முகமும் அங்கே வராது. ஐந்தடிப் பெண்ணுக்கு மோவாய் தரையிலிருந்து ஏறக்குறைய நாலே காலடியில் இருக்கும். ஆகவே பொம்மையின் கழுத்து மேடையிலிருந்து மூன்றடிக்கும் குறைவாக இருந்தாக வேண்டும். கோடவுனில் கழுத்து உடைந்த பழைய பொம்மைகள் இரண்டு கிடந்தன. அவை ஆகாது. பெரியவர் தேடி எடுத்தது வேறொன்று. இடுப்புக்குக் கீழே உடம்பில்லாத, துணி சுற்றிய அரை உருவம், ஏற்றி இறக்குகிற கம்பியில் செருகினது. ரவிக்கை தைத்துக் காட்ட வாங்கி மறந்துபோனது. அதைக் கம்பியில் இறக்கி மூன்றடிக்குக் கீழே நிறுத்தினார்.

இப்போது இன்னொரு சங்கடம். இடுப்பு மேடையிலிருந்து ஒன்றரை அடியில் வந்துவிட்டது. புடவையின் அகலமோ நாலடிக்குச் சற்றுக் குறைவு. கொசுவம் விழ இடமில்லை. நான் மடித்துச் செருகலாம் என்றேன். அவர் சிரித்தார். வரலட்சுமிக்குக் கலசத்தில் புடவை கட்டுகிறவர்களுக்கு இது பழக்கம் என்றார். குடத்துக்குக் காலில்லை, ஆனால் உட்கார்ந்திருக்கிற அம்மனுக்குக் கொசுவம் வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்கு மடிப்பு எடுத்து, மேல்முனையை நூலால் இறுக்கிக் கட்டி, குடத்தின் கழுத்தில் மாட்டி, மீதியைத் தரையில் விசிறியாகப் பரப்பிவிட வேண்டும். அப்படியே செய்தார். கொசுவம் இடுப்பிலிருந்து இறங்கி மேடைமேல் பரந்தது. அந்த விரிப்பைச் சுற்றி அலமாரிப் புடவைகளை ஒவ்வொன்றாகப் பாதி பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தார். எங்கே உடுத்தின புடவை முடிகிறது, எங்கே விற்பனைக்குவியல் தொடங்குகிறது என்று தெரியவில்லை. கடைக்காரர் கேட்ட குவியலும் வந்துவிட்டது.

பின்னால் கறுப்புத் துணித் திரை. கண்ணாடியிலிருந்து இரண்டரை அடி உள்ளே உருவம். வெளியே சாக்கடை மூடியிருக்கிற கல்பலகையின் நடு, கண்ணாடியிலிருந்து கிட்டத்தட்ட அதே இரண்டரை அடி. இது எங்கள் அதிர்ஷ்டம். யாரும் சொல்லாமலே ஜனங்கள் அந்தக் கல்லில்தான் நிற்பார்கள், மற்ற இடம் சேறு. தகரச் சாய்ப்பு முகத்தில் நிழல் போட்டதால் முதல் நாள் எல்லார் முகமும் இருண்டு, கழுத்துக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. சாய்ப்பின் அடியில் ஒரு டியூப்லைட் மாட்டி, அதன் வெளிச்சம் நிற்கிறவரின் முகத்தில் மட்டும் விழும்படி ஒரு தகரத்தை வளைத்து வைத்தார்கள். இரவில் உள்விளக்குகளில் பாதியை அணைக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் உள்ளே வெளிச்சம் மிஞ்சி முகம் கரைந்துபோகிறது.

ஜூலை 16 இரவு எல்லாம் தயார். கடைக்காரரைக் கல்லில் நிறுத்தினோம். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு என் சட்டைதான் தெரியுது சார்."

அவர் வாழ்நாளில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி தவிர எதுவும் உடுத்தாதவர். வெள்ளைத் துணி பஸ்ஸுக்கு எதிர்ப்பதம், கண்ணாடியை மூடிவிடுகிறது. தன் காசில் செய்த ஷோகேஸை அவரால் பார்க்கவே முடியவில்லை. விற்பனைப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்தினார், அவளுக்குக் கடைச் சீருடை, அடர்த்தியான பழுப்பு. அவள் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். "தெரியுது போல" என்றார் அவர்.

தெரிந்தது. சிப்காட் பெண்கள் வரிசை போட்டு நின்றார்கள். ஒருத்தி நிற்க, பக்கத்தில் இருப்பவளுக்கு ஒன்றும் தெரியாது. இது நேர் எதிரே நிற்கிற ஒருவருக்கு மட்டுமான காட்சி. ஆகவே ஒவ்வொருத்தியும் தள்ளிக்கொண்டு கல்லில் ஏற வேண்டியிருந்தது. செல்போனில் எடுத்தார்கள். எடுத்ததில் கையும் போனும் புடவைமேல் விழுந்து கெடுத்தன. நின்றார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். கல்யாணப் பட்டில் தன்னைப் பார்த்த பெண் ஏன் கடைக்குள் வர வேண்டும்? பார்த்தாகிவிட்டதே. நாலாம் நாள் காலையில் கண்ணாடியின் நடுவே 'ஆடித் தள்ளுபடி 50%' என்று மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. கண்ணாடிமேல் ஒட்டின காகிதம் கண்ணைக் கண்ணாடியிலேயே நிறுத்திவிடும், பின்னால் இருக்கிற பிம்பத்துக்குப் போகவிடாது. நான் போய்க் கேட்டேன். அவர் காகிதத்தை ஓர் அடி கீழே இறக்கி ஒட்டச் சம்மதித்தார், எடுக்கச் சம்மதிக்கவில்லை. அவர் செய்தது நியாயம். பிம்பத்துக்கு எவ்வளவு சதவிகிதம் தள்ளுபடி என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

இடப்பக்க ஷோகேஸ் ஜூலை 25 அன்று மாறிவிட்டது. பித்தளைக் கலசம், தேங்காய்மேல் வெள்ளி முகம், பச்சைப் பட்டு, விலைச்சீட்டு இல்லை. வாசலுக்கு ஒரு பக்கம் முகமுள்ள குடம், மறுபக்கம் முகமில்லாத உடம்பு. இதை நான் திட்டமிடவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ணகிரியிலிருந்து அக்கா வந்தாள். அவளைப் பற்றி நான் எங்கும் எழுதியதில்லை. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த மூன்று வருஷமும் பணம் அனுப்பியவள் அவள், சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் மூன்றாம் மாடியில் நின்றுகொண்டு. ஒன்பது வருஷம் நின்றாள். உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். விடுதியில் பத்துப் பேருக்கு ஒரு அறை. 2016இல் காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டதும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021இல். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இப்போது நாற்பத்தொன்று. எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கல்யாணப் புடவை பிரித்துப் போட்டவள்.

அவளை அந்தக் கல்லில் நிறுத்த வேண்டும் என்றுதான் நான் இதையெல்லாம் செய்தேனா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அவள் அன்று அடர்பச்சை வாயில் புடவை கட்டியிருந்தாள். அதை மட்டும் பஸ் ஸ்டாண்டிலேயே கவனித்தேன், நல்லவேளை வெளிர்நிறம் இல்லை என்று. கடைக்கு முன்னால் போனதும், "அக்கா, அந்தக் கல்லு மேல ஏறி நேரா பாரு" என்றேன். ஏறினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நான் பக்கத்தில் நின்றதால் அவள் பார்ப்பது எனக்குத் தெரியாது. அவள் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. புருவம் சுருங்கியது. தலையைக் கொஞ்சம் இடமாகவும் வலமாகவும் சாய்த்தாள். நான் காத்திருந்தேன்.

"இந்தப் பட்டு போன வருஷமும் இந்தக் கண்ணாடியிலதான் இருந்துச்சாடா?"

எனக்குப் புரியவில்லை.

"முந்தியில பாரு. ஒரு சாண் விட்டு ஒரு சாண் கோடு கோடா வெளுத்திருக்கு. மடிச்சு அடுக்கி வெச்சிருந்திருக்காங்க. வெளிச்சம் மடிப்போட விளிம்புலதான் படும், அங்கே மட்டும் சாயம் போகும். பொம்மைக்குக் கட்டி வெச்சிருந்தா முன்பக்கம் மொத்தமும் போயிருக்கும், கோடு விழாது. இதை யார் வாங்குவா? அம்பது சதம் இல்லை, சும்மா கொடுத்தாலும் மணமேடைக்கு ஆகாது."

நான் எட்டிப் பார்த்தேன். முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அரக்கில் ஒரு விரல் அகலத்துக்குச் செங்கல் நிறக் கோடுகள். இரண்டு வாரமாக நான் தினமும் வந்து பார்த்த புடவை. கண்ணாடி தடுத்துவிடும் என்று நாம் நினைக்கிற வெயிலில் பெரும்பகுதி உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கிறது. மேற்குப் பார்த்த ஷோகேஸில் அது இரட்டிப்பு. பழைய சரக்கைத் தள்ளுவதற்காக வைக்கிற ஷோகேஸே பழைய சரக்கை உண்டாக்குகிறது என்பதை, வருஷக்கணக்கில் சரக்குப் பட்டியல் சரிபார்க்கிற நான் அறிந்திருக்கவில்லை.

"உன் முகம் தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டேன்.

"அது தெரியாம என்ன, கண்ணாடிதானே" என்றாள். பிறகு, "முந்தியைத் திருப்பி உள்மடிப்பா எடுத்துட்டா கோடு உள்ளே போயிடும். கடைக்காரர்கிட்ட குண்டூசி டப்பா இருக்குமா கேளு."

கேட்டேன். கடைக்காரர் என்னையும் அவளையும் பார்த்தார். அவள் புடவையைப் பார்த்துப் பேசின விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. டப்பாவை அவளிடமே கொடுத்தார், ஒரு ஸ்டூலையும் நகர்த்தினார். அவள் ஸ்டூலில் உட்காராமல் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறித் திரைக்குப் பின்னால் போனாள். நான் வெளியே வந்து கல்லில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெள்ளைச் சட்டை. என் சட்டையும், என் தலைக்கு மேலே எதிர்ச்சுவரும்தான் தெரிந்தன. டவுன் பஸ் ஒன்று வந்து பின்னால் நின்றது. என் சட்டைக்குப் பக்கத்தில் அக்கா தெரிந்தாள். உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, முந்தியை உதறி, மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.